ஒரு விகிதம், ஒரு வித்தியாசம்

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் ஆனி மாதத்தின் கடைசித் தாளைப் பாருங்கள். தமிழ்த் தேதி 31 அல்லது 32 என்று இருக்கும். மார்கழியின் கடைசித் தாளைப் பாருங்கள். 29 அல்லது 30தான். ஆங்கில மாதங்களில் நாள் கூடுவதும் குறைவதும் பழைய ரோமாபுரியில் மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு. தமிழ் மாதத்தில் அப்படியில்லை. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறதோ அதுதான் ஒரு மாதம். ராசிகள் பன்னிரண்டும் சம அளவு, ஒவ்வொன்றும் 30 டிகிரி. அப்படியிருந்தும் மிதுன ராசியைக் கடக்க சூரியனுக்கு ஏறத்தாழ 31.5 நாள் ஆகிறது. தனுசு ராசியை 29.4 நாளில் கடந்துவிடுகிறது.

வானத்தில் சூரியன் நகர்வதாகத் தெரிவது உண்மையில் நாம் நகர்வது. ஆக, மார்கழியில் பூமி வேகமாக ஓடுகிறது, ஆனியில் மெதுவாக நடக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழியின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பிறகு, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அப்போது தூரம் 14.71 கோடி கி.மீ., வேகம் நொடிக்கு 30.3 கி.மீ. ஜூலை முதல் வாரத்தில், ஆனி மாதத்தில், மிகத் தொலைவில் இருக்கிறது. அப்போது தூரம் 15.21 கோடி கி.மீ., வேகம் 29.3 கி.மீ. பூமியின் பாதை வட்டத்திலிருந்து மிகக் கொஞ்சமே நீண்டது. அந்தக் கொஞ்சமே ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு நாளை எடுத்துக்கொண்டு இன்னொரு மாதத்தில் திருப்பிக் கொடுக்கிறது.

பாதை நன்றாக நீண்டிருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, நம் சூரியக் குடும்பத்திலேயே ஒரு கோள் இருக்கிறது. எட்டுக் கோள்களில் புதனின் பாதைதான் மிகவும் நீண்ட நீள்வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 4.60 கோடி கி.மீ., மிகத் தொலைவில் போகும்போது 6.98 கோடி கி.மீ. முதல் இடத்தை அண்மைப் புள்ளி என்றும் இரண்டாவதைச் சேய்மைப் புள்ளி என்றும் சொல்வோம். இந்த இரண்டு தூரங்கள் மட்டும் கையில் இருக்கின்றன. புதனின் வேகத்தை யாரும் அளந்து சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் அதன் வேகம் என்ன? கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு என்பதால் இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்றைக் கோண உந்தம் தருகிறது, மற்றொன்றை ஆற்றல் தருகிறது. அவை தருவது இரண்டு வேறு வகைச் செய்திகள் என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம்.

கோண உந்தத்தை முதலில் கையில் உணர்ந்து பார்ப்பது நல்லது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் கெட்டியான நூலை அதற்குள் நுழைத்து, மேல் நுனியில் ஒரு ரப்பர் துண்டைக் கட்டுங்கள். கீழ் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் கூட்டைத் தலைக்கு மேல் தூக்கி ரப்பரைச் சுழற்றுங்கள். அது ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்ததும், வலது கை ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இடது கையால் நூலை மெல்லக் கீழே இழுங்கள். நூல் குறையக் குறைய ரப்பர் விர்ரென்று வேகமெடுக்கும். நூலைத் தளர விட்டால் மீண்டும் மந்தமாகும்.

நீங்கள் ரப்பரை முன்னோக்கித் தள்ளவே இல்லை. நூல் இழுத்தது மையத்தை நோக்கி மட்டும்தான். மையத்தை நோக்கி மட்டும் இழுக்கும் விசைக்கு, அந்த மையத்தைச் சுற்றிப் பொருளைத் திருப்பும் சக்தி கிடையாது. கதவின் கீலை நோக்கிக் கதவை எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது, அல்லவா? அதே காரணம்தான். திருப்பும் விசை இல்லாதபோது, சுற்றும் பொருளிடம் ஏற்கெனவே இருக்கும் சுழற்சியின் அளவு மாறாமல் நிற்கும். அந்த அளவுதான் கோண உந்தம். ஒரு கிலோவுக்கு அது எவ்வளவு என்று பார்த்தால், மையத்திலிருந்து உள்ள தூரத்தை, அந்தத் தூரக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள வேகத்தால் பெருக்கிய தொகை.

புதனை இழுக்கும் நூல் சூரியனின் ஈர்ப்பு. அது எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கிறது. அண்மைப் புள்ளியிலும் சேய்மைப் புள்ளியிலும் புதன் சூரியனை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நெருங்குவது விலகுவதாக மாறும் கணமும், விலகுவது நெருங்குவதாக மாறும் கணமும் அவை. அதனால் அந்த இரண்டு இடங்களில் மட்டும் முழு வேகமும் தூரக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறது. அண்மைப் புள்ளியில் தூரம் r₁, வேகம் v₁, சேய்மைப் புள்ளியில் r₂, v₂ என்றால்:

v₁ r₁ = v₂ r₂

6.98ஐ 4.60ஆல் வகுத்தால் 1.517. ஆகவே புதன் அருகில் இருக்கும்போது, தொலைவில் இருக்கும்போதைவிட 1.517 மடங்கு வேகமாக ஓடுகிறது. கோண உந்தம் இவ்வளவுதான் சொல்லும். 15 கி.மீ., 10 கி.மீ. என்று வைத்தாலும் ஏறக்குறையப் பொருந்தும். 150, 100 என்றாலும் பொருந்தும். அது தருவது விகிதம் மட்டுமே. சூரியன் எவ்வளவு கனமானது என்பது இந்தச் சமன்பாட்டுக்குள் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பேனாக் கூட்டு நூலுக்கும் சூரிய ஈர்ப்புக்கும் இது பொது.

சூரியன் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது ஆற்றல் கணக்கில்தான் உள்ளே வருகிறது. மீண்டும் ஒருமுறை அந்த நூலை இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது விரலில் ஓர் எதிர்ப்பு தெரியும். ரப்பர் வேகமெடுக்கத் தேவையான ஆற்றலை உங்கள் கைதான் கொடுக்கிறது. புதனுக்கு அப்படிக் கொடுக்க யாரும் இல்லை. அது சூரியனை நோக்கி விழுவதன் மூலம் தானே சம்பாதித்துக்கொள்கிறது.

சூரியனைச் சுற்றி ஒரு பெரிய கிணறு இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அருகில் போகப் போக ஆழம் கூடுகிறது. ஒரு கிலோ கல்லை அந்த ஆழத்திலிருந்து சூரியனின் பிடியே இல்லாத தொலைவுக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் தேவையோ, அதுவே அந்த இடத்தின் ஆழம். கணக்கிடும் வழி எளிது: GM என்ற எண்ணைத் தூரத்தால் வகுக்க வேண்டும். G என்பது ஈர்ப்பு மாறிலி, M என்பது சூரியனின் நிறை. இரண்டையும் பெருக்கினால்

GM = 1.327 × 10¹¹ km³/s²

G தனியாக எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் மிகத் துல்லியமாக அளப்பது இன்றும் கடினம். ஆனால் பெருக்கற்பலனான GM நமக்கு மிக நுட்பமாகத் தெரியும், ஏனென்றால் கோள்களின் ஓட்டத்தைக் கவனித்தாலே அது கிடைத்துவிடுகிறது. நமக்கு இங்கே தேவைப்படுவதும் பெருக்கற்பலன்தான்.

அண்மைப் புள்ளியில் ஆழம்: 1.327 × 10¹¹ ÷ 4.60 × 10⁷ = 2885. சேய்மைப் புள்ளியில்: 1.327 × 10¹¹ ÷ 6.98 × 10⁷ = 1901. தூரத்தையும் வேகத்தையும் கிலோமீட்டரில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் அலகு, ஒரு கிலோ நிறைக்கு இத்தனை மெகாஜூல் என்று அமைந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 984. தொலைவிலிருந்து அருகில் வரும்போது, புதனின் ஒவ்வொரு கிலோ பாறையும் 984 மெகாஜூல் அளவுக்குக் கிணற்றுக்குள் இறங்குகிறது. இது எவ்வளவு பெரியது என்று புரிய: வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரை முழுதாக எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 650 மெகாஜூல். ஒரு கிலோ பாறைக்கு ஒன்றரை சிலிண்டர்! புதனின் மொத்த உடலுக்கும் இந்தக் கணக்குதான். 44 நாளில் இவ்வளவையும் வாங்கி, அடுத்த 44 நாளில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இறங்கிய ஆழம் எங்கும் தொலைந்துபோவதில்லை. வழியில் உராயக் காற்று இல்லை. அத்தனையும் இயக்க ஆற்றலாக, வேகமாக மாறுகிறது. ஒரு கிலோவின் இயக்க ஆற்றல் v²/2 என்பதால்:

v₁²/2 − v₂²/2 = 984

அதாவது v₁² − v₂² = 1968. ஆற்றல் தருவது வித்தியாசம்.

இனி மிச்சம் இருப்பது நாம் சின்ன வகுப்பில் போட்ட வயதுக் கணக்கு. அண்ணன் வயது தம்பி வயதைப்போல் இத்தனை மடங்கு. இருவருக்கும் இத்தனை ஆண்டு வித்தியாசம். யாருக்கு எத்தனை வயது? இங்கே அண்ணன் v₁², தம்பி v₂². வேகங்களின் விகிதம் 1.517 என்றால் வேக வர்க்கங்களின் விகிதம் 1.517 × 1.517, அதாவது ஏறத்தாழ 2.302. அண்ணன் தம்பியைவிட 1.302 மடங்கு கூடுதல். அந்தக் கூடுதல்தான் 1968. ஆக, தம்பி 1968 ÷ 1.302, ஏறத்தாழ 1511. அண்ணன் 3479. வர்க்கமூலம் எடுத்தால் சேய்மைப் புள்ளியில் வேகம் நொடிக்கு 38.9 கி.மீ., அண்மைப் புள்ளியில் 59.0 கி.மீ. வானியல் அட்டவணைகளில் புதனுக்குப் போட்டிருக்கும் எண்களும் இவையே.

விடை சரியா என்று வரவு செலவு பார்க்கலாம். அண்மைப் புள்ளியில் ஆழம் 2885, கையில் உள்ள இயக்க ஆற்றல் 1739. கிணற்றை விட்டு வெளியேற இன்னும் 1146 தேவை. சேய்மைப் புள்ளியில் ஆழம் 1901, கையிருப்பு 755, தேவை 1146. இரண்டு இடத்திலும் ஒரே கடன். புதன் சூரியனுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதன் பொருளே இந்தத் தீராத 1146தான்.

இந்தக் கணக்கை மாணவர்களுக்குக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேருக்குமேல் வேறொரு விடை எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்வது முட்டாள்தனம் அல்ல. நன்றாகப் படித்த ஒன்றைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள். ஈர்ப்பு விசைதான் மைய நோக்கு விசை என்று எழுதி, v²/r = GM/r² என்று சமப்படுத்தி, v² = GM/r என்று முடிப்பார்கள். அப்படிப் போட்டால் அண்மைப் புள்ளியில் 2885இன் வர்க்கமூலம், 53.7 கி.மீ.; சேய்மைப் புள்ளியில் 1901இன் வர்க்கமூலம், 43.6 கி.மீ. எண்கள் பார்க்க நம்பும்படியாகவே இருக்கின்றன. அருகில் வேகம், தொலைவில் மந்தம் என்பதும் சரியாக வருகிறது. ஆனால் விகிதம் 1.23. கோண உந்தம் கேட்பது 1.517. அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தவறு எங்கே? அந்தச் சூத்திரம் வட்டப் பாதைக்கு உரியது. நீள்வட்டத்தின் நுனியில் பாதை வளைவது சூரியனை மையமாகக் கொண்ட வட்டத்தைப்போல் அல்ல. ஆனாலும் அந்தத் தவறான விடையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்பேன். சரியான விடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதன் ஏன் நெருங்குவதும் விலகுவதுமாக இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

அண்மைப் புள்ளியில், அதே தூரத்தில் வட்டமாகச் சுற்றத் தேவையான வேகம் 53.7. புதனிடம் இருப்பது 59.0. அந்த வட்டத்துக்குள் அடங்க முடியாத வேகம். சூரியன் இழுக்கும் இழுப்பு அதை அந்த அளவுக்கு வளைக்கப் போதவில்லை, எனவே அது வெளிப்பக்கமாக விலக ஆரம்பிக்கிறது. விலகுவது மேலே ஏறுவது. ஏற ஏற வேகம் குறைகிறது. சேய்மைப் புள்ளிக்கு வரும்போது அங்கே வட்டமாகச் சுற்ற 43.6 வேண்டும், இருப்பது 38.9தான். இப்போது சூரியனின் இழுப்பு தேவைக்கு மேல். பாதை உள்பக்கமாக மடங்குகிறது. பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சூரியனுக்கு அவ்வளவு அருகில் வந்த கோளை, ஈர்ப்பு மிக அதிகமாக இருக்கும் அந்த இடத்தில், சூரியன் ஏன் இழுத்து விழுங்கிவிடவில்லை? ஈர்ப்பு அங்கே அதிகம்தான். கோளின் வேகம் அதைவிட முந்திக்கொண்டு கூடியிருக்கிறது. தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்கு. ஆனால் கோண உந்தம் மாறாமல் இருக்க, வெளியே தள்ளும் போக்கு எட்டு மடங்காகிறது. கடைசியில் எப்போதும் ஜெயிப்பது அதுதான்.

மேல் பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. அண்மைப் புள்ளியிலிருந்து அடியோடு தப்பிப்போக 2885ஐயும் இயக்க ஆற்றலாகவே வைத்திருக்க வேண்டும். அதற்கான வேகம் 76.0 கி.மீ. வட்ட வேகத்தைவிட 1.414 மடங்கு. ஆகவே எந்த நீள்வட்டமானாலும், அண்மைப் புள்ளியில் கோளின் வேகம் அங்குள்ள வட்ட வேகத்துக்கும் அதன் 1.414 மடங்குக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். உங்கள் விடை இந்த வரம்பைத் தாண்டினால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள். புதன் நிற்பது 1.10 மடங்கில், வரம்பின் கீழ்ப்படியில். மேல்படியைப் பார்க்க வேண்டுமானால் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே போக வேண்டும். 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட HD 80606 b என்ற கோள், தன் விண்மீனை 111 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் சேய்மைத் தூரம் அண்மைத் தூரத்தைப்போல் ஏறத்தாழ 29 மடங்கு. எனவே வேகமும் 29 மடங்கு மாறுகிறது: தொலைவில் நொடிக்கு 8 கி.மீ. அளவில் ஊர்ந்து வரும் கோள், விண்மீனை உரசிப் போகும்போது 240 கி.மீ. அளவில் பாய்கிறது. அங்கே வட்ட வேகத்தைவிட அது 1.39 மடங்கு வேகம். இன்னும் கொஞ்சம்தான், கட்டறுத்துக்கொண்டு போயிருக்கும்.

v₁r₁ = v₂r₂ என்பதைப் பாதையின் எல்லா இடத்துக்கும் நீட்டிவிடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கெப்ளரே செவ்வாயின் பாதையோடு மல்லுக்கட்டிய ஆண்டுகளில், கோளின் வேகம் தூரத்துக்கு எதிர் விகிதத்தில் மாறுகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார். இரண்டு நுனிகளில் அது மிகச் சரி. நடுவில்? புதன் சூரியனிலிருந்து 5.79 கோடி கி.மீ. தூரத்தில், நீள்வட்டத்தின் குறுக்கு அச்சின் முனையில் இருக்கும்போது சோதிப்போம். எதிர் விகிதப்படி 59.0 × 4.60 ÷ 5.79, அதாவது 46.9 கி.மீ. ஆற்றல் கணக்குப்படி வேகம் 47.9 கி.மீ. ஒரு கிலோமீட்டர் இடிக்கிறது. இரண்டு விதியில் எதுவும் பொய் சொல்லவில்லை. 46.9 என்பது தூரக் கோட்டுக்குச் செங்குத்தான வேகம் மட்டும். அந்த இடத்தில் புதன் சூரியனை விட்டு விலகிக்கொண்டும் இருக்கிறது, நொடிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வேகத்தில். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக இவற்றைச் சேர்த்தால் கர்ணம் 47.9 என்று வந்துவிடும். கெப்ளர் பிறகு கண்ட பரப்பு விதி, அதாவது கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பை வாரும் என்பது, பாதை முழுவதற்கும் பிசகாமல் பொருந்துகிறது. ஏனென்றால் அது கோண உந்தத்தின் மறுபெயர்தான். 1609இல் அவர் அதை வெளியிட்டபோது கோண உந்தம் என்ற சொல்லே கிடையாது.

நம் கணக்கில் சில சலுகைகள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சூரியன் அசையாமல் நிற்பதாக வைத்தோம். புதனைவிட அது 60 லட்சம் மடங்கு கனம் என்பதால் பாதகமில்லை. வெள்ளியும் பூமியும் வியாழனும் புதனைப் பக்கவாட்டில் இழுப்பதை விட்டுவிட்டோம். அவற்றால் நீள்வட்டமே மெல்லத் திரும்புகிறது. அவற்றை எல்லாம் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 வினாடிக் கோணம் மிஞ்சியது. அதை 1915இல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலால் விளக்கினார். ஒரு சுற்றுக்குள் வேகம் பார்க்கும் நமக்கு இவை எதுவும் கடைசி இலக்கத்தைக்கூட அசைக்கப்போவதில்லை.

மீண்டும் காலண்டருக்கு வருவோம். மாதத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பதல்ல, எத்தனை டிகிரி திரும்பினோம் என்பது. அருகில் இருக்கும்போது வேகமும் அதிகம், அதே கோணத்துக்குக் கடக்க வேண்டிய தூரமும் குறைவு. இரண்டும் சேர்ந்துகொள்வதால் கோண வேகம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறுகிறது. பூமிக்கு அந்த வர்க்க விகிதம் 1.07. ஆனியின் 31.5ஐ மார்கழியின் 29.4ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.07. புதனுக்கு 2.30. புதனில் ராசிப்படி மாதம் வைத்தால், அதன் மார்கழி நம் கணக்கில் 5 நாளுக்குள் முடிந்துவிடும். ஆனி 11 நாள் நீளும்.

அந்த 2.30 இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. வெயிலும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம்தான். அண்மைப் புள்ளியில் புதன்மேல் விழும் வெயில் சேய்மைப் புள்ளியைவிட 2.30 மடங்கு கடுமை. ஆனால் கடுமையான இடத்தை அது 2.30 மடங்கு சீக்கிரம் கடந்துவிடுகிறது. விளைவு: பாதையில் எந்த இடமாக இருந்தாலும், ஒரு டிகிரி திரும்புவதற்குள் புதன் வாங்கும் மொத்த வெயில் ஒரே அளவு. வெயிலுக்கும் கோண உந்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே வர்க்கத்தில் வந்து சந்திக்கின்றன. பூமிக்கும் இது பொருந்தும். நம் ஜனவரி சூரியன் ஜூலை சூரியனைவிட 7 சதவீதம் உக்கிரம், தனுசும் அவ்வளவு சீக்கிரம் கடந்துபோகிறது.

புதனின் கோண வேகத்தை நாளுக்கு எத்தனை டிகிரி என்று எழுதினால், சேய்மைப் புள்ளியில் 2.76, அண்மைப் புள்ளியில் 6.35. இந்த இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதன் தன்னைத்தானே எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்பதில் வானியலாளர்கள் நெடுநாள் ஏமாந்திருந்தார்கள். ஷியாபரெல்லி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைநோக்கியில் பார்த்து 88 நாள் என்றார். புதனின் ஆண்டும் 88 நாள் என்பதால், நிலா நமக்குக் காட்டுவதுபோல் அது சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1965இல் பெட்டன்கில், டைஸ் என்ற இருவர் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசீபோ ரேடார் தட்டிலிருந்து அலைகளை அனுப்பி, எதிரொலியை ஆராய்ந்து, சுழற்சி 59 நாள் அளவு என்று காட்டினார்கள். இன்று நமக்குத் தெரிந்த துல்லிய எண் 58.65 நாள், ஆண்டில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நாளுக்கு 6.14 டிகிரி.

6.14க்கும் 6.35க்கும் உள்ள நெருக்கம் தற்செயல் இல்லை. சூரியனின் அலையீர்ப்பு புதனின் சுழற்சியைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. அந்தப் பிடி தூரத்தோடு மிக வேகமாகத் தளர்வது. எனவே அது இறுக்கமாக இருப்பது அண்மைப் புள்ளியில் மட்டும். சுழற்சியும் அந்த இடத்துக் கோண வேகத்துக்கு ஒத்துப்போகும்படியாகவே வந்து நின்றது. பாதை வட்டமாக இருந்திருந்தால் ஷியாபரெல்லி சொன்னதே நடந்திருக்கும்.

ஆனாலும் 6.35 சற்றே அதிகம். புதனின் தரையில் நிற்பவருக்கு அதன் சுழற்சி சூரியனை மேற்கே தள்ளுகிறது, பாதையில் ஓடும் ஓட்டம் கிழக்கே தள்ளுகிறது. ஆண்டின் பெரும்பகுதி சுழற்சிதான் ஜெயிக்கும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக மெல்ல நகரும். அண்மைப் புள்ளிக்கு ஏறத்தாழ 4 நாள் முன்பு இரண்டும் சமமாகி, சூரியன் வானத்தில் நின்றுவிடும். அடுத்த 8 நாளும் பின்னோக்கி, கிழக்கே நகரும், மொத்தத்தில் சுமார் 1 டிகிரி. அப்போது அது நாம் பார்க்கும் சூரியனைப்போல் மும்மடங்குக்குமேல் அகலமாக, 1.7 டிகிரி விட்டத்தில் எரிந்துகொண்டிருக்கும். பிறகு மறுபடி நின்று, மேற்கே திரும்பும். கலோரிஸ் என்ற மாபெரும் பள்ளத்தை ஒட்டிய பகுதியில் இது நடப்பது உச்சிவேளையில். வெப்பம் என்ற பொருளில் அந்தப் பெயர் வைத்ததே அதனால்தான். அங்கிருந்து புதனைக் கால் சுற்றுச் சுற்றிப் போனால், சூரிய உதய நேரத்தில் இதே காட்சி. தட்டின் மேல்விளிம்பு அடிவானத்துக்கு மேல் எட்டிப் பார்க்கும், சில நாள் தயங்கி நிற்கும், வந்த வழியே கீழே இறங்கி மறையும். பிறகு இரண்டாம் முறை உதிக்கும்.